கனடா ரிவி இங்கே ஓடுமா? பின்பக்க லேபிளைப் பாருங்கள்

கேள்வி: ரொறன்ரோவில இருக்கிற அண்ணா தன்ர 50 இஞ்சி ரிவியையும் ஒரு டிவிடி பிளேயரையும் கப்பலில போட்டு விடுறன் எண்டு சொல்லுறார். கரண்ட் வித்தியாசம் எண்டும், இஞ்சத்தைய சனல் அதில வராது எண்டும் சிலர் சொல்லுகினம். ஒரு அடப்ரர் வாங்கிப் போட்டால் காணாதோ? (கொக்குவில் வாசகர்)

பதில்: பெட்டி கட்டுவதற்கு முன்னர் ரிவியின் பின்பக்கத்தில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அதில் `AC 100-240V ~ 50/60Hz` என்று இருந்தால் மின்சாரத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். உள்ளே இருக்கும் பவர் சப்ளை இரண்டு நாட்டு மின்சாரத்தையும் தானாகவே ஏற்றுக்கொள்ளும். `AC 120V ~ 60Hz` என்று மட்டும் இருந்தால் அதை நேரே நமது 230 வோல்ற்றில் கொடுக்கக்கூடாது. கனடாவில் விற்கும் ரிவிகளில் இப்படி எழுதியவை நிறையவே உண்டு. "அப்படி எழுதியிருந்தாலும் உள்ளே எல்லாம் ஒன்றுதான்" என்று சொல்பவர்களை நம்பிச் சோதித்துப் பார்க்காதீர்கள். சில மொடல்களில் அது உண்மைதான், ஆனால் எந்த மொடல் என்பது வெளியே தெரியாது.

ஏன் கெட்டுப்போகிறது என்றால், ரிவி உள்வரும் ஏசியை முதலில் டிசி ஆக்குகிறது. 120 வோல்ற் ஏசியில் அது ஏறத்தாழ 170 வோல்ற் டிசி ஆகும். 230 கொடுத்தால் 325. அந்த இடத்தில் இருக்கும் பெரிய கபசிற்றர் 120 வோல்ற் ரிவிகளில் பெரும்பாலும் 200 வோல்ற்றுக்கு உரியது. சுவிட்சைப் போட்டதும் 'பட்' என்று சத்தம், கருகல் மணம், செத்த ரிவி. அதிர்ஷ்டம் இருந்தால் பியூஸோடு போகும்.

இப்போது அடப்ரர். கடையில் சில நூறு ரூபாவுக்குக் கிடைக்கும் அடப்ரர் பிளக்கின் வடிவத்தை மட்டுமே மாற்றும். கனடாவின் தட்டையான இரண்டு பின்னை நமது வட்டப் பின் அல்லது 13 அம்பியர் சதுரப் பின் சொக்கெற்றுக்குள் போக வைக்கும், அவ்வளவுதான். வோல்ற் அப்படியே 230 ஆகவே போகும். 100-240 ரிவியானால்கூட அடப்ரர் தேவையில்லை. பெரும்பாலான ரிவிகளில் வயர் கழற்றி மாட்டக்கூடியது. ரிவிப் பக்க முனை 8 வடிவத்தில் இருந்தால் அதே முனையும் சதுரப் பின்னும் உள்ள வயரை இங்கேயே வாங்கி, பிளக்கில் 3 அம்பியர் பியூஸ் போட்டுக்கொள்ளுங்கள். கனடா வயரின் பிளக் 125 வோல்ற்றுக்கு உரியது.

இன்னொன்று, பலர் மறந்துவிடுவது. அண்ணா ரிவியோடு ஒரு பவர் பாரையும் சேர்த்து அனுப்பினால் அதை எடுத்து வையுங்கள். மின்னல் பாதுகாப்பு உள்ள கனடாப் பவர் பாருக்குள் 120 வோல்ற்றுக்குக் கணக்கிட்ட வரிஸ்ரர் இருக்கும். 230 கொடுத்தால் அது தொடர்ந்து மின்சாரத்தைக் கடத்திச் சூடேறி எரியும். ரிவி 100-240 ஆக இருந்தும் பவர் பார் தீப்பிடிக்கலாம்.

ரிவி 120 மட்டும் என்றால் வோல்ற்றைக் குறைக்கும் ஸ்ரெப்டவுன் ரான்ஸ்போமர் வேண்டும். லேபிளில் 140 வாற்று என்று இருந்தால் அதன் இரண்டு மடங்கு, அதாவது 300 விஏ அளவில் வாங்குங்கள். உள்ளே செப்புக் கம்பிச் சுற்று இரண்டும் தனித்தனியாக உள்ளதைக் கேளுங்கள். மலிவானவை ஒரே சுற்றில் நடுவில் வயர் இழுத்தவை. அவற்றில் பொது முனை கழன்றால் ரிவிக்கு முழு 230-உம் வந்துவிடும். ரிவியை மாட்டும் முன் வெளியீட்டை மல்ரிமீற்றரில் பாருங்கள், 110 இலிருந்து 120 வரை காட்ட வேண்டும். தலைமயிர் உலர்த்திக்கென்று விற்கும், கைக்குள் அடங்கும் '1600 வாற்று கொன்வேட்டர்' ஒருபோதும் வேண்டாம். அது வோல்ற்றைக் குறைப்பதில்லை, அலையை வெட்டி அனுப்புகிறது. ரான்ஸ்போமர் 60 ஹேர்ட்ஸை உண்டாக்காது, 50 ஆகவே இருக்கும். இன்றைய ரிவிக்கு அதனால் பாதிப்பில்லை.

மின்சாரம் தீர்ந்தாலும் சனல் தீராது. கனடா ரிவிக்குள் சனலைப் பிடிக்கும் ரியூனர் வட அமெரிக்க முறைக்கு உரியது. நமது அனலாக் ஒளிபரப்பு PAL எனும் பால் முறை: 625 கோடுகள், விநாடிக்கு 25 படம். அங்கே இருந்த என்ரிஎஸ்சி 525 கோடுகள், ஏறத்தாழ 30 படம். நிறத்தை ஏற்றி அனுப்பும் விதமும், சனலின் அகலமும், ஒலி அமரும் இடமும் வேறு. ஆகவே அன்ரெனாவையோ உள்ளூர்க் கேபிள்காரரின் வயரையோ நேரே செருகித் தேடினால் ஒன்றும் பிடிபடாது, பிடிபட்டாலும் ஒலியில்லாமல் கறுப்பு வெள்ளையில் உருளும். ஒரு காலத்தில் கடல் தாண்டி வந்த தூர்தர்ஷனை நமது ரிவிகள் சிக்கலின்றிக் காட்டியதற்குக் காரணம் இந்தியாவும் பால் முறை என்பதே.

வழி, செற் ரொப் பொக்ஸ். டயலொக் ரிவியோ பியோ ரிவியோ எச்டிஎம்ஐ வயரில் வந்தால் ரியூனருக்கு வேலையே இல்லை. மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயரில் கொடுத்தால் மீண்டும் பால் சிக்கல் வரும். எச்டிஎம்ஐயிலும் ஒரு பொறி உண்டு. இங்கத்தைய பொக்ஸ்கள் வழக்கமாக 50 ஹேர்ட்ஸில் படம் அனுப்பும். வட அமெரிக்க ரிவிகள் சில அதை ஏற்காமல் `Mode not supported` என்றோ `No signal` என்றோ காட்டும். பொக்ஸின் அமைப்பில் 60 ஹேர்ட்ஸ் இருந்தால், அதை வேறொரு ரிவியில் மாட்டி 720p60 அல்லது 1080p60 ஆக மாற்றிவிட்டுக் கொண்டுவரலாம். அந்தத் தெரிவே இல்லாத பொக்ஸ் என்றால் ரிவி பயன்படாது.

இதை ரொறன்ரோவிலேயே சோதிக்கலாம். அண்ணா விண்டோஸ் 11 லப்டொப்பை எச்டிஎம்ஐ வயரால் ரிவியோடு இணைத்து, கீழே உள்ள இடத்துக்குப் போய், மேலே அந்த ரிவியைத் தெரிவு செய்து, 50 ஹேர்ட்ஸை எடுக்கட்டும்.

```
Settings > System > Display > Advanced display > Choose a refresh rate
```

படம் மறையாமல் தொடர்ந்து தெரிந்தால் நம்பி அனுப்பலாம். பட்டியலில் 50 இல்லையென்றால், தான் 50ஐ ஏற்பதாக அந்த ரிவி சொல்லவில்லை என்று பொருள். லேபிளில் 120 மட்டும், பட்டியலில் 50 இல்லை என்று இரண்டும் சேர்ந்தால், கப்பல் கூலியும் ரான்ஸ்போமர் விலையும் கூட்டிப் பார்த்து அந்தக் காசுக்கு இங்கேயே ஒன்றை வாங்குவதே என் யோசனை.

டிவிடி பிளேயரை அங்கேயே விட்டுவிடச் சொல்லுங்கள். கடை டிவிடிகளை உலகப் பகுதி வாரியாக வலயங்களாகப் பிரித்திருக்கிறார்கள்; கனடாப் பிளேயர் 1ஆம் வலயத்துக்குப் பூட்டியது, இலங்கை 5ஆம் வலயம். பால் முறையில் பதிந்த டிஸ்க்கை அது பெரும்பாலும் எடுக்காது. இங்கே விற்கும் பிளேயர்கள் வழக்கமாக இரண்டு முறையையும் காட்டும். அங்கே எடுத்த கலியாண வீட்டு டிஸ்க்குகளுக்கு வலயப் பூட்டு கிடையாது, அவை இங்கத்தைய பிளேயரில் ஓடும். மறுபக்கம்தான் சிக்கல். இங்கே ஸ்ருடியோவில் எழுதிய பால் டிஸ்க்கை அண்ணாவுக்கு அனுப்பினால் அவருடைய பிளேயர் துப்பிவிடும், லப்டொப்பில் மட்டும் ஓடும். ஸ்ருடியோக்காரரிடம் டிஸ்க்குக்குப் பதிலாக எம்பி4 கோப்பாகப் பென்ட்ரைவில் கேட்டு வாங்கி அனுப்புங்கள்.