மாதம் 5 வெள்ளியா, ஆண்டுக்கு 54 வெள்ளியா? கட்டணக் குழு நடத்துவோருக்கான கேள்வி பதில்

ஈசூன்: புளோக் தாழ்வாரத்தில் தொட்டிச்செடி வளர்ப்பவர்களுக்காகத் தமிழில் ஒரு கட்டணக் குழு தொடங்கப்போகிறேன். மாதம் 5 வெள்ளி சரியா?

ஆண்டுச் சந்தாவாக வாங்குங்கள். ஸ்டிரைப் என்ற இணையக் கட்டணச் சேவை வழியாக உள்ளூர் அட்டையில் வாங்கினால், ஒவ்வொரு முறையும் 3.4 விழுக்காடும் அதன்மேல் 50 காசும் பிடிப்பார்கள். 5 வெள்ளியில் 67 காசு போய்விடும். மாதம் 4.33 என்று ஆண்டுக்கு உங்கள் கைக்கு வருவது 51.96. அதே ஆளிடம் ஒரே தடவையாக 54 வெள்ளி வாங்கினால் பிடித்தம் 2.34 தான், மீதி 51.66. அவருக்கு 6 வெள்ளி மிச்சம், உங்களுக்கு 30 காசு குறைவு, அவ்வளவுதான்.

காசு மட்டுமல்ல. மாதச் சந்தாக்காரர் ஒவ்வொரு மாதமும் யோசிப்பார். டிசம்பர் விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது நிறுத்துவார், திரும்பி வந்ததும் மறந்துவிடுவார். ஆனால் ஆண்டுப் பணம் வாங்கினால் ஆண்டு முழுக்க நடத்த வேண்டும். அந்த உறுதி இன்னும் வரவில்லை என்றால் முதலில் 3 மாதத்துக்கு 15 வெள்ளி வாங்கிப் பாருங்கள்.

ஜூரோங்: ஸ்டிரைப் எதற்கு அண்ணே? பேநவ் இருக்கிறதே, ஒரு காசு பிடிக்க மாட்டார்கள்.

தனி ஆளாகத் தொலைபேசி எண்ணுக்கு வாங்கினால் பிடித்தம் இல்லை, உண்மைதான். ஆனால் சந்தா தானாகப் புதுப்பிக்காது. 40 பேரிடம் மாதா மாதம் என்றால் ஆண்டுக்கு 480 முறை யார் கட்டினார், யார் கட்டவில்லை என்று பார்த்து, நினைவூட்டிக்கொண்டே இருக்க வேண்டும். காசு கேட்டுக் கேட்டு நட்பே கசந்துவிடும். ஆண்டுக்கு ஒரு முறை, சின்னக் குழு என்றால் பேநவ் தாராளமாகப் போதும்.

தெம்பனிஸ்: என் கறிவேப்பிலைச் செடியில் இலை மஞ்சளாகிறது. என்ன உரம் போடலாம்?

கேள்வி இடம் மாறி வந்திருக்கிறது, பரவாயில்லை. உரத்துக்கு முன் தொட்டியின் அடித்துளை அடைத்திருக்கிறதா பாருங்கள். வேரில் நீர் தேங்கினாலும் இலை மஞ்சளாகும். தட்டில் நிற்கும் தண்ணீரையும் கொட்டிவிடுங்கள், கொசு வரும்.

ஈசூன்காரருக்கும் ஒன்று சொல்கிறேன். புதிதாகச் சேர்ந்தவர் கேட்கும் முதல் கேள்வி இப்படித்தான் இருக்கும். அதற்கு அன்றைக்கே ஒரு பதில் வர வேண்டும், அதுவும் உங்களிடமிருந்து இல்லாமல் இன்னொரு உறுப்பினரிடமிருந்து வந்தால் இன்னும் நல்லது. கறிவேப்பிலை நன்றாக வளர்க்கும் ஒருவருக்குத் தனியாகச் செய்தி அனுப்பி, "இதை நீங்கள் கொஞ்சம் பாருங்களேன்" என்று கேளுங்கள். முதல் கேள்வி பதிலில்லாமல் போனவர் இரண்டாவது கேள்வியைப் பெரும்பாலும் கேட்க மாட்டார்.

செங்காங்: என்னுடையது தபால்தலைக் குழு, 80 பேர். தினமும் மூன்று பதிவு போடுகிறேன். குழு கலகலப்பாக இருக்க அது போதும் என்றுதான் நினைத்தேன். ஆனால் யாரும் பேசுவதில்லை.

உங்கள் உழைப்பு தெரிகிறது. ஆனால் தினமும் மூன்று பதிவு வந்தால் மற்றவர்கள் வாசகர்களாக உட்கார்ந்துவிடுவார்கள். பதிவுகளை எண்ணாதீர்கள். இந்த வாரம் எத்தனை வெவ்வேறு ஆட்கள் வாய் திறந்தார்கள் என்று எண்ணுங்கள். அது வாரா வாரம் இறங்கினால் புதுப்பிப்பும் இறங்கும் என்று எதிர்பார்க்கலாம்.

வாரத்துக்கு இரண்டு பதிவாகக் குறையுங்கள். சனிக்கிழமையை ஓர் உறுப்பினருக்கு விடுங்கள்: அவரிடமுள்ள ஒரு தபால்தலை, அது எப்படிக் கிடைத்தது, அதில் அவருக்குள்ள ஒரு சந்தேகம். சந்தேகம் கட்டாயம் இருக்கட்டும், மற்றவர்களைப் பேசவைப்பது அதுதான். புதன்கிழமையே ஆளைப் பிடித்துப் படத்தை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

செங்காங்: ஒரு வார்த்தை பேசாமலே இரண்டு முறை புதுப்பித்தவர்களும் இருக்கிறார்களே?

இருக்கிறார்கள். படிப்பதே அவர்களுக்குப் போதும் போலும். சந்தா முடிய ஒரு மாதம் இருக்கும்போது தனியாக நலம் விசாரிப்பது என் வழக்கம். சிலருக்கு அது பிடிக்கிறது, சிலருக்குத் தொந்தரவு. இதில் எனக்கே இன்னும் முடிவு கிடைக்கவில்லை.

உட்லண்ட்ஸ்: ஒருவர் குழுவிலேயே நாற்று விற்கிறார். நல்ல மனிதர், நிறையப் பதில் சொல்பவர். எப்படி நிறுத்துவது?

விதி எழுதியிருக்கிறதா? இல்லை என்றால் அவர்மேல் தப்பில்லை. இன்றே எழுதிவிடுங்கள்: விற்பனைக்கு மாதத்தில் ஒரு ஞாயிறு மட்டும், விலை வெளிப்படையாக, யாருக்கும் தனிச்செய்தி அனுப்பக் கூடாது. கடைசிதான் முக்கியம். வாட்ஸ்அப் குழுவில் உறுப்பினர்களின் எண்கள் தெரியும், புகார் பெரும்பாலும் அங்கிருந்துதான் வரும். டெலிகிராமில் எண்ணை மறைக்கலாம். ஒருவரை நீக்காமலே ஒரு வாரம் எழுத முடியாதபடியும் வைக்கலாம்.

முதலில் தனியாகச் சொல்லுங்கள், அப்புறம் ஒரு வாரத் தடை, அதற்கும் கேட்கவில்லை என்றால் நீக்கம். நீக்கினால் மீதிப் பணத்தைத் தந்துவிடுங்கள். 54 வெள்ளியில் 7 மாதம் மீதி என்றால் 31.50. ஸ்டிரைப் முதலில் பிடித்த கட்டணம் உங்களுக்குத் திரும்ப வராது, அதைப் பார்க்காதீர்கள். பணம் பாக்கி இல்லாமல் போனவர் வெளியே போய்ச் சண்டை வளர்ப்பது குறைவு.