நிறக்குருட்டு மகன்: விடை 1/4 ஏன்?

"சென்னையில் பிளஸ் டூ படிக்கிறேன். நிறக்குருட்டுக் கடத்தியான தாய்க்கும் இயல்பான பார்வையுள்ள தந்தைக்கும் நிறக்குருட்டு மகன் பிறக்கும் வாய்ப்பு என்ன என்ற வினாவுக்கு 1/2 என்று எழுதினேன். விடைக்குறிப்பில் 1/4 என்றிருக்கிறது. எது சரி?"

விடைக்குறிப்பே சரி. தாயை XᴺXⁿ என்றும் தந்தையை XᴺY என்றும் எழுதிப் புன்னட் கட்டத்தை நிரப்பினால், XᴺXᴺ, XᴺXⁿ, XᴺY, XⁿY என்னும் நான்கு அறைகள் கிடைக்கும். அவற்றில் நிறக்குருட்டு மகனைக் குறிப்பது XⁿY மட்டுமே என்பதால், பிறக்கும் குழந்தை மகனாகவும் நிறக்குருடாகவும் இருக்கும் வாய்ப்பு 1/4 ஆகிறது. பிறந்தது மகன்தான் என்று வினாவே சொல்லியிருந்தால், மகள்களுக்குரிய இரண்டு அறைகளும் கணக்கிலிருந்து விலகி, எஞ்சிய இரண்டில் ஒன்று என்னும் உங்கள் 1/2 பொருந்தியிருக்கும். வேளச்சேரியில் நான் பாடம் நடத்தும் மாணவர்களும் இங்கேதான் மதிப்பெண்ணை இழக்கிறார்கள்.

ஒருபண்புக் கலப்பான Tt × Tt வினாவில் 3:1 எளிதில் வந்துவிடும். இருபண்புக் கலப்பில் RrYy தாவரத்தின் கேமீட்டுகளை Rr, Yy என்று எழுதுவதுதான் வழக்கமான பிழை. ஒவ்வொரு கேமீட்டிலும் இரு பண்புகளுக்கும் ஒவ்வோர் அல்லீல் இருக்க வேண்டும் என்பதால் RY, Ry, rY, ry என்றே எழுத வேண்டும். அப்போதுதான் 16 அறைகளும் 9:3:3:1 விகிதமும் வரும். அதுவும் அவ்விரு ஜீன்களும் பிணைந்திராதபோது மட்டுமே.