‘என்று’வும் ‘ஹீ செட் தட்’டும்: ஒரு கடிதம்

வணக்கம் ஐயா. எங்கள் ஊர் எழுத்தாளர் ஒருவரின் சிறுகதைகளை, அவர் அனுமதியோடு ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். ‘என்று’ வரும் இடத்தில் எல்லாம் ‘ஹீ செட் தட்’, ‘ஷீ தாட் தட்’ என்று போட்டுக்கொண்டே போகிறேன். படித்துப் பார்த்த தோழி, “இலக்கணத் தப்பு அதிகம் இல்லை, ஆனால் எல்லாரும் போலீஸ் ஸ்டேஷனில் வாக்குமூலம் கொடுக்கிறமாதிரி இருக்கு” என்றாள். உதாரணத்துக்கு இந்த வாக்கியம்: “பணம் கேட்டால் அண்ணி என்ன நினைப்பாளோ என்று தயங்கி, நாளைக்கு வந்துகொள்ளலாம் என்று திரும்பியவனை ‘யாரது?’ என்ற குரல் நிறுத்தியது.” இதை நான்கு விதமாக எழுதிப் பார்த்துவிட்டேன், ஒன்றும் சரியாக வரவில்லை. எங்கே தப்பு செய்கிறேன்?

ம., மதுரை

அன்புள்ள ம.,

நல்ல வாக்கியமாகப் பார்த்துத்தான் அனுப்பியிருக்கிறீர்கள், அதில் கடைசி ‘என்ற’வையும் சேர்த்து மூன்று ‘என்று’ இருக்கிறது, மூன்றும் மூன்று வேலை செய்கிறது. (பதிலில் ஆங்கில வாக்கியங்களையும் தமிழ் எழுத்திலேயே எழுதப் போகிறேன். வாய்விட்டுப் படியுங்கள், எது மரக்கட்டை எது மனிதப் பேச்சு என்று காதே சொல்லிவிடும்.)

‘என்று’ என்பது ‘என்’ என்ற வினையின் எச்சம், ‘சொல்லி’ என்று அர்த்தம். ஆனால் இன்றைக்கு அது சொல்வதற்கு மட்டும் வருவதில்லை. நினைப்புக்கு வரும், பயத்துக்கு வரும், ஆசைக்கு வரும், நோக்கத்துக்கு வரும், ‘கண்ணன் என்று ஒருவன்’ என்று பெயருக்கு வரும், ‘பளிச்சென்று’ என்று வெளிச்சத்துக்குக்கூட வரும். நாம் செய்வதெல்லாம் ஒன்றுதான்: ஒருவர் வாயிலோ மனசிலோ இருந்த வார்த்தையை அப்படியே எடுத்துவைத்து, பின்னால் ஒரு ‘என்று’ போட்டு மூடிவிடுகிறோம். ஆங்கிலத்துக்கு இப்படி எல்லாவற்றையும் மூடுகிற ஒரே மூடி கிடையாது. ‘தட்’ அந்த மூடி இல்லை. அதனால் ‘என்று’வையே உற்றுப்பார்த்துப் பிரயோஜனம் இல்லை, அதற்குச் சற்று முன்னால் எடுத்துவைத்த பேச்சு எப்படி முடிகிறது என்று பாருங்கள். சேதி அங்கேதான் இருக்கிறது.

மழையும் குடையும் வைத்துச் சொல்கிறேன். ‘மழை வரும் என்று குடை எடுத்தாள்’ என்றால் அவளுக்கு நம்பிக்கை இருக்கிறது: ‘எக்ஸ்பெக்டிங் ரெய்ன், ஷீ டுக் ஆன் அம்ப்ரெல்லா’. ‘மழை வந்துவிடுமோ என்று எடுத்தாள்’ என்றால் அந்த ‘ஓ’ சந்தேகம், கொஞ்சம் கவலை: ‘ஷீ டுக் ஆன் அம்ப்ரெல்லா இன் கேஸ் இட் ரெய்ன்ட்’. ‘மழை வந்துவிட்டதே என்று ஓடினாள்’ என்றால் ‘ஏ’, மழை வந்தே விட்டது, பதற்றம்: ‘இட் ஹேட் ஸ்டார்ட்டட் டு ரெய்ன், அண்ட் ஷீ ரேன்’. மூன்றிலும் ‘ஷீ தாட் தட்’ போடலாம், இலக்கணம் இடிக்காது. ஆனால் அந்த ‘ஓ’வும் ‘ஏ’யும் செத்துப்போய்விடும், அவள் மூன்று தடவையும் ஒரே மாதிரி உட்கார்ந்து யோசித்ததுபோல ஆகிவிடும். உங்கள் தோழி வாக்குமூலம் என்று சொன்னது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

‘-லாம் என்று’ இன்னொன்று. ‘உன்னைப் பார்க்கலாம் என்று வந்தேன்’ என்பதை ‘ஐ கேம் டு சீ யூ’ என்று எழுதினால் தப்பில்லை, ஆனால் அது ஏதோ வேலையாக வந்தவன் பேச்சு. தமிழில் இருப்பது ‘சும்மாதான், நீ இல்லாவிட்டாலும் பரவாயில்லை’ என்கிற தளர்வு. அதற்கு ஆங்கிலத்தில் சொந்தமாகவே ஒரு வழி இருக்கிறது: ‘ஐ தாட் ஐ வுட் கம் அண்ட் சீ யூ’. பாருங்கள், இங்கே ‘தாட்’ வருகிறது, ‘தட்’ வரவில்லை. கட்டளையும் அப்படித்தான், ‘கதவைச் சாத்து என்றாள்’ என்பதற்கு ‘ஷீ டோல்ட் மீ டு ஷட் த டோர்’ போதும், உள்ளே ஒரு தனி வாக்கியமே தேவையில்லை. (‘டோல்ட்’ என்றால் யாரிடம் என்று சொல்லியாக வேண்டும், ‘செட்’டுக்கு அது வேண்டாம். நம்மவர்கள் ‘செட் மீ’ என்று எழுதுவது இந்த இடத்தில்தான்.)

கேள்விகளில்தான் உண்மையான இலக்கணத் தப்பு நடக்கிறது. தமிழில் கேள்வியை முழுசாக வைத்து ‘என்று கேட்டான்’ என்று முடிக்கலாம். அதே பழக்கத்தில் ‘ஹீ ஆஸ்க்ட் தட் வேர் டூ ஐ லிவ்’ என்று வந்துவிடும். கேள்விச் சொல் இருந்தால் அதுவே இணைக்கும், ‘தட்’ வேண்டாம், ‘டூ’வும் வேண்டாம், கேள்வியின் வரிசை நேராகிவிடும்: ‘ஹீ ஆஸ்க்ட் வேர் ஐ லிவ்ட்’. ஆமாம்-இல்லை கேள்வி என்றால் ‘இஃப்’ அல்லது ‘வெதர்’. உங்கள் நான்கு வடிவங்களில் குறைந்தது ஒன்றிலாவது ‘திங்கிங் தட் வாட் வுட் ஷீ திங்க்’ இருந்திருக்கும் என்று பந்தயம் கட்டுவேன்.

சரி, உங்கள் வாக்கியத்துக்கு வருவோம். முதல் ‘என்று’வுக்கு முன்னால் ‘நினைப்பாளோ’ இருக்கிறது. இது அவன் யாரிடமும் சொன்னதல்ல, சொல்லாகக்கூட முழுசாக மனசில் ஓடியிருக்காது. இந்த இடத்தில் ஆங்கிலப் புனைகதை இருநூறு வருஷத்துக்கும் மேலாகச் செய்துவருவது, ‘ஹீ தாட்’டை எடுத்துவிட்டு நினைப்பை நேராகக் கதைசொல்லியின் குரலிலேயே கலந்துவிடுவது. ஜேன் ஆஸ்டின் நாவல்களில் இதைத் தாராளமாகப் பார்க்கலாம். இதில் எது மாறும், எது மாறாது என்பது முக்கியம். ‘நான்’ என்பது ‘ஹீ’ ஆகும், காலம் ஒரு படி பின்னால் போகும். ஆனால் கேள்வி கேள்வியாகவே, கேள்விக்குறியோடு, கேள்வியின் வரிசையிலேயே நிற்கும், ‘டுமாரோ’, ‘ஹியர்’, ‘நௌ’ எல்லாம் அப்படியே இருக்கும். ‘ஹீ செட் தட்’ போட்டால் ‘டுமாரோ’வை ‘த நெக்ஸ்ட் டே’ ஆக்க வேண்டியிருக்கும், இங்கே வேண்டாம். ‘டுமாரோ வாஸ் சண்டே’ என்று எழுதலாம், பள்ளிக்கூட இலக்கணம் முகம் சுளிக்கும், கதை வாசகர் கவனிக்கக்கூட மாட்டார்.

அப்படியென்றால் முதல் பாதி: ‘ஹீ ஹெசிடேட்டட். வாட் வுட் ஷீ திங்க் ஆஃப் ஹிம், ஆஸ்கிங் ஃபார் மனி?’ இரண்டாவது ‘என்று’வுக்கு முன்னால் ‘வந்துகொள்ளலாம்’. அந்த ‘கொள்’ளில் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொள்கிற ஒரு தொனி இருக்கிறது. ‘ஹீ டிசைடட் டு கம் டுமாரோ’ என்றால் திடமான முடிவு எடுத்தவன்மாதிரி ஆகிவிடும், இவன் அப்படிப்பட்ட ஆள் இல்லை. ‘இட் குட் வெய்ட் டில் டுமாரோ’ என்று வைப்பேன். மூன்றாவதுதான் உண்மையாகக் காதில் விழுந்த வார்த்தை. அதை மேற்கோள் குறிக்குள் அப்படியே விடுங்கள், ‘என்ற குரல்’ என்பதை ‘த வாய்ஸ் தட் செட்’ ஆக்காதீர்கள்: ‘ஹீ ஹேட் டர்ன்ட் டு கோ வென் எ வாய்ஸ் ஸ்டாப்ட் ஹிம். “ஹூ இஸ் தேர்?”’ தமிழில் குரலின் வார்த்தை முன்னால் வந்து, குரல் பின்னால் வந்து, நிறுத்துவது கடைசியில் நடக்கிறது. ஆங்கிலத்தில் வார்த்தையைக் கடைசிக்குத் தள்ளினேன், ஏனென்றால் அங்கே வாக்கியத்தின் முடிவில்தான் அடி விழும். ஒரு வாக்கியம் ஐந்தாகிவிட்டது. பரவாயில்லை. நம் எச்சங்களை எல்லாம் ஒரே ஆங்கில வாக்கியத்தில் கோத்தே தீருவேன் என்று பிடிவாதம் பிடிப்பது வீண்.

அண்ணியை ‘ஷீ’ ஆக்கியிருக்கிறேன், கவனித்திருப்பீர்கள். முந்தைய வரியில் அவர் யார் என்று தெரிந்திருந்தால் அது போதும். தெரியாவிட்டால் ‘அண்ணி’ என்றே போடுங்கள். ‘சிஸ்டர்-இன்-லா’வை மட்டும் ஒருவன் மனசுக்குள் ஓடவிடாதீர்கள், யாரும் அப்படி யோசிப்பதில்லை.

இன்னொரு இடம் நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்த கதையிலேயே மாட்டிக்கொள்வீர்கள். ‘நான் தப்பு செய்துவிட்டேன் என்று முருகன் செல்வத்திடம் சொன்னான்.’ தப்பு செய்தது முருகனா, இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிற ‘நான்’னா? தமிழில் இரண்டுக்கும் இடம் உண்டு, கதைப்போக்கை வைத்துத்தான் சொல்ல முடியும். ஆங்கிலத்தில் ‘ஐ’யா ‘ஹீ’யா என்று நீங்களே முடிவுகட்டியாக வேண்டும், மழுப்ப வழியில்லை. இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. ‘தான் தப்பு செய்துவிட்டதாக முருகன் செல்வத்திடம் சொன்னான்’ என்றால் தமிழில் ஐயமே இல்லை, அந்தத் ‘தான்’ முருகனைத்தான் காட்டும். (பேச்சில் ‘தான் வரமாட்டேன்னு சொன்னான்’ என்றுகூடச் சொல்கிறோம், எழுவாய் படர்க்கை, வினைமுற்று தன்மை. மொழியியல்காரர்கள் இதன்மேல் கட்டுரை கட்டுரையாக எழுதியிருக்கிறார்கள்.) ஆங்கிலத்தில் அந்தத் ‘தான்’ இல்லை. ‘முருகன் டோல்ட் செல்வம் தட் ஹீ ஹேட் டன் ராங்’ என்றால் தப்பு செல்வத்தின் தலையிலும் விழலாம். இந்த மாதிரி இடத்தில் நான் தயங்காமல் நேர்ப்பேச்சுக்குத் திரும்பிவிடுவேன்: ‘“ஐ டிட் ராங்,” முருகன் டோல்ட் ஹிம்.’ இரண்டு ஆண்கள் வருகிற காட்சியை முடித்ததும் ‘ஹீ’க்களை மட்டும் வட்டமிட்டு, ஒவ்வொன்றும் யார் என்று தமிழைப் பார்க்காமல் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள்.

இந்த ‘-ஆக’ வடிவத்தில் ஒரு நுணுக்கமும் இருக்கிறது. ‘வந்தேன் என்றான்’ என்பதைவிட ‘வந்ததாகச் சொன்னான்’ என்பதில் சொல்பவர் கொஞ்சம் தள்ளி நிற்கிறார், ‘அவன் சொன்னது, எனக்குத் தெரியாது’ என்கிறமாதிரி. ‘வந்தானாம்’ என்றால் இன்னும் தள்ளி. ஆங்கிலத்தில் சந்தேகம் பலமாக இருந்தால் ‘ஹீ க்ளெய்ம்ட்’, லேசாக இருந்தால் ‘அப்பேரன்ட்லி’, கிண்டல் இருந்தால் வாக்கியம் முடிந்த பிறகு ‘ஆர் ஸோ ஹீ செட்’. வம்புப் பேச்சில் ‘அவ சொன்னான்னு இவ சொன்னா’ என்று அடுக்கிக்கொண்டே போவார்களே, அதை மட்டும் கரைத்துவிடாதீர்கள், அங்கே ‘ஷீ செட் தட் ஷீ செட்’ என்று அடுக்கினால்தான் சிரிப்பு வரும்.

அப்புறம் ‘என்றான்’, ‘என்றாள்’. தமிழ் வாசகர் கண்ணுக்கு இவை தெரிவதே இல்லை. ஆங்கில வாசகருக்கும் ‘செட்’ தெரிவதில்லை, அதனால் ஒரே சொல் திரும்பத் திரும்ப வருகிறதே என்று பயந்து ‘எக்ஸ்க்ளெய்ம்ட்’, ‘ரிட்டார்ட்டட்’ என்று அகராதியைப் புரட்ட வேண்டாம். ‘“உள்ளே வா” என்று சிரித்தாள்’ மாதிரி வந்தால் ஒரு முற்றுப்புள்ளி போட்டுப் பிரித்துவிடுங்கள்: ‘“கம் இன்.” ஷீ லாஃப்ட்.’ சிரிப்பு முன்னால் வந்தது என்று தோன்றினால் மாற்றிப் போடுங்கள், தமிழ் அதைச் சொல்லாமலே விட்டிருக்கிறது.