பவர் இல்லாத கலர் லென்ஸ் கருவிழியை என்ன செய்யும்?

"எனக்குப் பார்வைக் குறை இல்லை. ரிசப்ஷனுக்காக ஆன்லைனில் கலர் லென்ஸ் வாங்கினேன். டாக்டரைப் பார்க்காமல் போடலாமா?"

போடாதீர்கள். பவர் இல்லாவிட்டாலும் அது உட்காருவது கருவிழியின் மேல்தான், அதன் வளைவு ஆளுக்கு ஆள் மாறும். அளக்காமல் வாங்கிய லென்ஸ் இறுக்கமாக இருந்தால் அடியில் கண்ணீர் சரியாக ஓடாது. கருவிழியில் ரத்தக்குழாய் கிடையாது. அதற்கு ஆக்சிஜன் பெரும்பாலும் காற்றிலிருந்து கண்ணீர் வழியாகத்தான் வருகிறது. அது குறைந்தால் மேற்படலம் வீங்கிப் பலவீனமாகும். சில லென்ஸ்களில் சாயம் மேற்பரப்பிலேயே இருப்பதால் சொரசொரப்பாக உராயவும் செய்யும். அந்தக் கீறல் வழியாக சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா நுழைந்தால் ஓரிரு நாளிலேயே பெரிய புண்ணாகிவிடலாம். ஆறினாலும் நடுவில் தழும்பு விழுந்தால் பார்வை மங்கும். கருவிழி மாற்று அறுவை சிகிச்சை வரை போனவர்கள் உண்டு.

ஏற்கெனவே போட்டுவிட்டீர்களா? கழற்றிய பிறகும் வலி கூடினால், வெளிச்சம் கூசினால், கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால், அன்றே கண் மருத்துவரிடம் போங்கள். லென்ஸையும் அதன் டப்பாவையும் எடுத்துப் போங்கள். எந்தக் கிருமி என்று பரிசோதிக்க உதவும். அப்புறம், மருந்துக்கடையில் ஸ்டீராய்டு சொட்டு மருந்து வாங்கி நீங்களாகப் போடவே கூடாது. சிவப்பு குறையும், புண் மட்டும் உள்ளே வளரும்.