"சிவி எங்ககிட்ட இருக்கும்" என்ற ஏஜென்சிக்கு மறுபடி எழுதலாமா?

கேள்வி: மார்ச் மாதம் கண்டியில் ஒரு வேலைவாய்ப்பு ஏஜென்சியில் கணக்கு உதவியாளர் வேலைக்கு நேர்முகப் பரீட்சைக்குப் போனேன். "இப்ப இடமில்ல, உங்க சிவி எங்ககிட்ட இருக்கும், வந்தா கூப்பிடுறோம்" என்றார்கள். நான்கு மாதமாகிறது. திரும்பக் கேட்டால் தொல்லை என்று நினைப்பார்களா? எங்கள் டிவிஷனில் ஒரு அண்ணன் 5,000 ரூபாய் கொடுத்தால் ஃபைலை மேலே எடுத்து வைக்கச் சொல்லலாம் என்கிறார். (வாசகி, பொகவந்தலாவை)

பதில்: தாராளமாகக் கேளுங்கள் தங்கச்சி. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை எழுதுவதை அங்கே யாரும் தொல்லையாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், உங்களுக்கு ஏற்கெனவே ஒரு மாதம் பிந்திவிட்டது. அந்த 5,000 ரூபாயை மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

சிவி "இருக்கும்" என்று அவர்கள் சொன்னது பொய்யில்லை. எங்கே இருக்கிறது என்பதுதான் விஷயம். நான் இந்தத் தொழிலில் மேசைக்கு அந்தப் பக்கம் பல வருடம் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு கம்பெனி "கணக்கு உதவியாளர் ஒருவர் வேண்டும், இரண்டு கிழமைக்குள் சேர வேண்டும்" என்று கேட்டால், ஏஜென்சியில் இருக்கிறவர் முதலில் சமீபத்தில் பேசிய ஆட்களைத்தான் நினைப்பார். அது போதாவிட்டால் கம்ப்யூட்டரில் தேடுவார். அறுபது பெயர் வருகிறது என்று வையுங்கள், புதிதாக வந்ததிலிருந்து கீழே போவார், போனை எடுத்துப் பேசுகிற ஐந்து பேர் கிடைத்ததும் நிறுத்திவிடுவார். மார்ச் மாதத்துச் சிவி நாற்பதாவது இடத்தில் கிடக்கும், அதுவரை யாரும் போவதில்லை. நீங்கள் எழுதும் மெயிலுக்கு இருக்கிற வேலை, உங்கள் பெயருக்கு ஒரு புதுத் தேதி போடுவதும், பழைய விபரத்தைத் திருத்துவதும்தான்.

அதனால் புது மெயில் தொடங்க வேண்டாம். மார்ச்சில் அவர்கள் அனுப்பிய மெயிலுக்கே பதில் போடுங்கள், பழைய பேச்சு கீழே தெரியும், யார் நீங்கள் என்று தேட வேண்டியதில்லை. மெயில் முகவரியையும் மாற்றாதீர்கள், வேறு முகவரியிலிருந்து அனுப்பினால் பல இடங்களில் நீங்கள் இன்னொரு ஆளாகப் பதிவாகிவிடுவீர்கள். "ஏதாவது வேலை இருக்கா சார்" என்று மட்டும் கேட்டால் பதில் வராது, ஏனென்றால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல அவர் உங்கள் ஃபைலைத் தேடித் திறக்க வேண்டும்.

தலவாக்கலைப் பக்கத்துத் தம்பி ஒருவர் இப்படித்தான் வாட்ஸ்அப்பில் ஆறு தடவை கேட்டு, ஒன்றுக்கும் பதில் வராமல் என்னிடம் வந்தார். ஏழாவதை நாங்கள் இப்படி எழுதினோம் (அனுப்பியது எளிய ஆங்கிலத்தில், அந்த அலுவலகத்தில் எல்லாரும் தமிழ் வாசிப்பார்கள் என்று நம்பி இருக்க முடியாது):

"பெப்ரவரியில் கணக்கு உதவியாளர் வேலைக்கு உங்களைச் சந்தித்தேன். அதன் பிறகு ஏ.ஏ.டி. இரண்டாம் நிலை முடித்திருக்கிறேன், இப்போது வேலை செய்யும் கடையில் குவிக்புக்ஸில் கணக்குப் பதிகிறேன். ஒரு மாத நோட்டீஸ் கொடுத்துவிட்டுச் சேரலாம். கண்டியில் அக்கா வீட்டில் தங்குவேன். தொலைபேசி இலக்கம் மாறியிருக்கிறது, புதியது கீழே. திருத்திய சிவி இணைத்திருக்கிறேன். அடுத்த இரண்டு மாதத்தில் இப்படியான இடம் ஏதும் வர இருக்கிறதா?"

மறுநாளே ஒரு வரிப் பதில் வந்தது: "இப்போது இல்லை, அடுத்த மாதம் ஒன்று வரலாம்." வந்தது, கூப்பிட்டார்கள்.

இதில் கண்டியில் தங்குவது பற்றிய வரியைக் கவனியுங்கள். மலையகத்து முகவரியைப் பார்த்ததும் "இந்தப் பிள்ளை வருமா, எங்கே தங்கும்" என்ற யோசனை அவர்களுக்கு வந்துவிடும். அதை உங்களிடம் கேட்கவும் மாட்டார்கள், அடுத்த பெயருக்குப் போய்விடுவார்கள். கேட்டிருந்தால் எத்தனை பிள்ளைகள் பதில் சொல்லியிருப்பார்கள், இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும். அவர்கள் கேட்க மாட்டார்கள், ஆகவே நீங்களே எழுதிவிடுங்கள், அக்கா வீடோ போர்டிங்கோ. அப்புறம் தோட்டத்து முகவரியை மட்டும் நம்பாதீர்கள். லயத்துக்கு வருகிற கடிதம் தோட்டத்து ஆபீசில் கிடந்து, நேர்முகப் பரீட்சைத் தேதி முடிந்த பிறகு கையில் கிடைத்த கதை நம் பக்கத்தில் ஒன்றிரண்டு இல்லை. வீட்டில் சிக்னல் இல்லையென்றால் "மாலை 5 மணிக்குப் பிறகு பேசலாம், மற்ற நேரம் வாட்ஸ்அப் செய்யுங்கள்" என்று சிவியிலேயே போடுங்கள்.

சரி, அந்த அண்ணன். உள்நாட்டு வேலைக்கு ஏஜென்சிக்குப் பணம் கொடுப்பது ஆள் தேடுகிற கம்பெனி, பெரும்பாலும் நீங்கள் வேலையில் சேர்ந்த பிறகுதான் கொடுக்கும். பொருத்தமான ஆளை ஒளித்து வைத்தால் ஏஜென்சிக்குத்தான் நட்டம். ஆகவே "ஃபைலை மேலே வைக்கிறேன்" என்பவன் விற்பது அவனிடம் இல்லாத பொருளை. 5,000 கொடுத்தால் அடுத்த மாதம் "மெனேஜருக்கு 10,000" என்று வருவான். அடையாள அட்டைப் பிரதி, வங்கிப் புத்தகப் பிரதி எதையும் அவனிடம் கொடுக்காதீர்கள், கம்பெனி நியமனக் கடிதம் தந்த பிறகு கம்பெனிக்கே கொடுக்கலாம். அவனே நாளைக்கு "கண்டி வேணாம், டுபாய்க்கு அனுப்புறேன்" என்று பேச்சை மாற்றுவான், அப்போது கடவுச்சீட்டைக் கேட்பான். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்ப வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும், அது 1985ஆம் ஆண்டுச் சட்டம். ஏஜென்சியின் பெயரையும் அனுமதிப்பத்திர இலக்கத்தையும் வாங்கி 1989க்கு அழைத்துக் கேளுங்கள், அல்லது slbfe.lk தளத்தில் பாருங்கள். இத்தனை வருடமாகியும் லயத்து வாசலுக்கு வருகிற உப முகவரை நிறுத்த முடியவில்லை, அதற்குத் தோட்டத்துப் பிள்ளைகள் விலை கொடுக்கிறார்கள்.

மூன்று மாதம் என்ற கணக்குக்கு ஒரே ஒரு விதிவிலக்கு, வேறொரு வேலை கையில் வந்துவிட்டால். கையில் என்றால் கடிதமாக, "எடுக்கிறோம்" என்று வாயால் சொன்னது கணக்கில் வராது. கடிதம் வந்த அன்றே ஏஜென்சிக்குப் போன் செய்யுங்கள், மெயிலுக்குக் காத்திருக்க நேரமில்லை. "இன்ன தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும், அதற்குமுன் உங்களிடம் ஏதும் உண்டா" என்று கேளுங்கள், கம்பெனியின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. இல்லாத கடிதத்தை இருப்பதாகச் சொல்லாதீர்கள், கண்டியில் இந்த வேலை செய்கிறவர்கள் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். தேதி வரை பதில் வரவில்லையென்றால் வந்த வேலையை எடுங்கள். எடுத்த பிறகும் ஒரு வரி எழுதிவிடுங்கள், "இங்கே சேர்ந்துவிட்டேன், அடுத்த வருடம் மறுபடி தொடர்புகொள்கிறேன்" என்று. இல்லையென்றால் தேவையில்லாத நேரத்தில் கூப்பிட்டு, நீங்கள் மறுத்து, பெயருக்குப் பக்கத்தில் "வரமாட்டார்" என்று எழுதிவிடுவார்கள்.

இரண்டு மெயிலுக்கும் பதில் இல்லையென்றால் அலுவலக இலக்கத்துக்கு ஒரு தடவை அழைத்து, உங்களைச் சந்தித்தவர் இன்னும் அங்கே வேலை செய்கிறாரா என்று கேளுங்கள். இந்தத் தொழிலில் ஆட்கள் அடிக்கடி மாறுவார்கள், புதிதாக வந்தவருக்கு உங்களைத் தெரியாது. அவர் பெயரைக் கேட்டு, அவருக்கு முதலிலிருந்து எழுதுங்கள்.

முதல் மெயிலை இந்தக் கிழமையே அனுப்புங்கள், செவ்வாய் அல்லது புதன் காலையில். அடுத்தது அக்டோபர் நடுவில், தீபாவளி லீவுக்கு முன்.