கிரியேட்டினின் ஏறினால் நீர் மாத்திரையை நிறுத்தலாமா?

"கோத்தகிரியில் இருக்கிறோம். அப்பாவுக்கு இதயம் பலவீனம். நீர் மாத்திரை ஃபுரோசமைடைக் கூட்டி பத்து நாளில் எடை 68-லிருந்து 64 கிலோ, கிரியேட்டினின் 1.4-லிருந்து 1.7. மாத்திரையை நிறுத்திவிடலாமா?"

நீங்களாக நிறுத்தாதீர்கள். வீக்கம் வடிந்து மூச்சு இலகுவாகியிருந்தால், சிறுநீரகம் வெளியேற்றும் கழிவான கிரியேட்டினின் இந்த அளவு ஏறுவது பெரும்பாலும் சிறுநீரகச் சேதம் அல்ல.

இதயம் தளரும்போது ரத்தம் சிரைகளில் தேங்கி, சிறுநீரகத்தைப் பின்னாலிருந்து அழுத்துகிறது. தேங்கிய நீரை வடிக்காவிட்டால் சிறுநீரகம் இன்னும் கெடும். அளவுக்கு மீறி வடித்தால் அதற்குப் போகும் ரத்தமே குறையும். இரண்டிலும் கிரியேட்டினின் ஏறும் என்பதால் அந்த எண்ணை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது.

வீட்டில் இதைப் பாருங்கள். காலையில் சிறுநீர் கழித்ததும், சாப்பிடும் முன் எடை. கணுக்கால் எலும்புக்கு மேல் கட்டைவிரலால் பத்து விநாடி அழுத்துங்கள். குழி விழுந்து நின்றாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ நீர் இன்னும் இருக்கிறது. குழி இல்லை, எடை இறங்கிக்கொண்டே போகிறது, எழுந்தால் தலை சுற்றுகிறது என்றால் வறண்டுவிட்டார். அன்றே மருத்துவரிடம் கேளுங்கள், அளவைக் குறைப்பார்.

அப்புறம் ஒன்று. மேட்டுப்பாளையம் பஸ்ஸில் இறங்கும் நாளில் வழியில் சிறுநீருக்குப் பயந்து மாத்திரையை விட்டுவிடுவார்கள். ஊர் திரும்பியபின் மதியம் போடலாமா என்று முன்பே கேட்டு வையுங்கள். குளிருக்கு முழங்கால் வலி என்று டைக்ளோஃபினாக் போட்டாலும் கிரியேட்டினின் ஏறும், வீக்கமும் திரும்பும்.

வாந்தி பேதி வந்தாலோ, சிறுநீர் திடீரெனக் குறைந்தாலோ காத்திருக்க வேண்டாம். கிரியேட்டினினோடு பொட்டாசியம், சோடியமும் பார்க்கச் சொல்லுங்கள்.