உப்பு ஒத்தடமா, ஐஸ் கட்டியா?

"மூன்று நாளுக்கு முன் பஸ் படியில் இறங்கும்போது வலது கணுக்கால் பிசகிவிட்டது. அன்று இரவே அத்தை உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்தார். விடிவதற்குள் கால் பொதபொதவென்று வீங்கிவிட்டது. ஆனால் அவருடைய முழங்கால் வலிக்கு அதே ஒத்தடம்தான் பல வருடமாகக் கைகொடுக்கிறது. அவருக்குச் சர்க்கரையும் உண்டு. எனக்கு மட்டும் ஏன் இப்படி?"
– வாசகி, மதுரை

அத்தை மேல் கோபப்படாதீர்கள். அவர் கொடுத்த மருந்து சரிதான், நாள்தான் தப்பு.

கால் மடங்கியதும் தசைநார் கொஞ்சம் கிழிந்து, உள்ளே நுண்ணிய ரத்தக்குழாய்கள் கசியத் தொடங்கும். சூடு ரத்தக்குழாயை விரிக்கும். கசிகிற குழாயை விரித்தால் என்ன ஆகும்? வீக்கம் ஏறும். அடிபட்ட இரண்டு மூன்று நாளைக்கு எண்ணெய் போட்டு நீவுவதும் கூடாது என்பது இதனால்தான். அத்தையின் முழங்காலில் இப்போது எதுவும் கிழிந்து கசியவில்லை. அது தேய்மானம். காலையில் எழுந்ததும் மூட்டு இறுகிக்கிடக்கும், சுற்றியுள்ள தசையும் விறைத்திருக்கும். சூடு பட்டால் அந்த இறுக்கம் தளர்கிறது, நடக்க முடிகிறது.

உங்கள் காலுக்கு முதல் நாளே ஐஸ் வைத்திருக்கலாம். ஐஸ் மரக்கச்செய்து வலியைக் குறைக்கும், அவ்வளவுதான். கிழிந்ததை ஒட்டவைக்காது. ஓய்வு, ஐஸ், கட்டு, காலை உயர்த்தி வைப்பது என்ற பிரபலமான சூத்திரத்தை 1978-ல் எழுதிய அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கினே, ஐஸ் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று பிற்காலத்தில் மாற்றிச் சொன்னார். அதனால் வலி தாங்காதபோது மட்டும், முதல் இரண்டு நாளைக்கு வைத்தால் போதும் என்பது என் கட்சி.

மூன்று நாள் ஆகிவிட்டதே, இப்போது எது? புறங்கையை இரண்டு கணுக்காலிலும் மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள். அடிபட்ட கால் இன்னும் அதிகமாகக் கதகதப்பாக இருந்தால் சூடு வேண்டாம். ஐஸ் கட்டிகளைக் கொஞ்சம் தண்ணீரோடு பாலித்தீன் பையில் போட்டு, ஈரத் துண்டில் சுற்றி, பதினைந்து நிமிடம் வையுங்கள். முதலில் ஜில்லென்றும், அடுத்து எரிகிற மாதிரியும் இருக்கும், அப்புறம் குடைந்து, கடைசியில் மரத்துப்போகும். மரத்ததும் எடுத்துவிட வேண்டும். தோல் வெளுத்தாலோ திட்டுத் திட்டாகத் தெரிந்தாலோ நேரம் பார்க்காமல் உடனே எடுங்கள். வெறும் தோலில் ஐஸைத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொண்டு வருகிறவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். படுக்கும்போது இரண்டு தலையணை வைத்துக் காலை உயர்த்தினால் வீக்கம் வடியும்.

இரண்டு காலும் ஒரே சூடாக இருந்து, வலியைவிட இறுக்கம்தான் தொல்லை என்றால், வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் பாதத்தை வைத்துவிட்டு மெதுவாக மேலும் கீழும் அசைத்துப் பழகுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு சோதனை இருக்கிறது. எலும்பு முறிவைச் சந்தேகிக்க, கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1992-ல் வகுத்த விதி அது. கணுக்காலின் இருபுறமும் துருத்திக்கொண்டிருக்கும் எலும்பின் நுனியை அல்லது பின்விளிம்பை அழுத்தினால் உயிர்போகிறதா? அடிபட்ட உடனேயும் சரி, இப்போதும் சரி, நாலு எட்டு எடுத்துவைக்க முடியவில்லையா? இரண்டில் ஒன்று இருந்தாலும் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். ஒத்தடத்தைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம்.

உண்மையில் எனக்கு உங்கள் காலைவிட அத்தையைப் பற்றித்தான் கவலை. பல வருடச் சர்க்கரையில் கால் நரம்பு மரத்து, சூடு உறைக்காமல் போகலாம். தண்ணீர் கொதித்தாலும் 100 டிகிரிதான், வாணலியில் வறுத்த உப்பு அதையும் தாண்டிவிடும். கொப்புளம் வந்த பிறகுதான் அவருக்கே தெரியும். ரப்பர் ஒத்தடப் பை வாங்கிக்கொடுங்கள். கொதிக்கிற நீர் ஊற்றாமல், சூடான நீரை முக்கால் பை வரை மட்டும் ஊற்றி, துண்டில் சுற்றுங்கள். உங்கள் முன்கையின் உட்புறத்தில் வைத்துப் பத்து எண்ணிப் பார்த்து, சுகமாக இருந்தால் கொடுங்கள். தைலம் தடவிய இடத்தில் ஒத்தடமே வேண்டாம், தோல் வெந்துவிடும்.

அவர் முழங்காலும் சில நாள் திடீரென வீங்கிச் சுடும். அன்றைக்கு உப்பு மூட்டையை ஓரம் கட்டிவிட்டு ஐஸை எடுங்கள். அப்போதும் பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம், நடுவில் துணியை விலக்கித் தோலைப் பாருங்கள். வீக்கத்தோடு காய்ச்சலும் சேர்ந்தால் ஐஸும் வேண்டாம், அன்றே டாக்டரிடம் அழைத்துப்போங்கள்.